கடிதத்தில் மை கொட்டிவிட்டதா? எழுத்து போகாமல் கறையை மட்டும் எடுக்கும் வழிமுறை

ஸ்கேன் செய்த கடிதத்தில் இருக்கும் மைக்கறையை அழிப்பானை வைத்துத் தேய்த்தால் கறையோடு எழுத்தும் போய்விடும். அதனால் அழிக்கும் யோசனையை முதலிலேயே விட்டுவிடுங்கள். கறையும் எழுத்தும் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நிறம் வேறாக இருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நிறம் ஒன்றாகவே இருந்தால், கறை அகலமானது, பேனாக் கோடு மெல்லியது என்கிற ஒரே வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யலாம். அதுவும் இல்லையென்றால் கணினி உதவாது, கடிதத்தையே மறுபடி கையில் எடுக்க வேண்டியதுதான்.

இங்கே சொல்வதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் (`GIMP` 2.10 அல்லது அதற்குப் பிந்தையது), இமேஜ்மேஜிக் (`ImageMagick` 7) இரண்டை வைத்து. வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் கணக்கு இதேதான்.

முதலில் ஸ்கேனைப் பாருங்கள்

கறை நீங்காமல் போவதற்குப் பாதிக் காரணம் ஸ்கேனிலேயே இருக்கும். கறுப்பு வெள்ளையாக எடுத்த ஸ்கேனை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். நீலக் கறையும் கறுப்பு எழுத்தும் அதில் ஒரே சாம்பலாகக் கலந்து போயிருக்கும். கலரில், 600 டிபிஐ அளவில், டிஃப் கோப்பாக எடுங்கள். ஸ்கேனர் 48 பிட் கலர் தருமென்றால் அதையே தேர்வு செய்யுங்கள். ஏன் என்பது பின்னால் வரும். ஜேபெக் வேண்டாம். அது பெரும்பாலும் நிற விவரத்தைப் பாதி அளவுக்குச் சுருக்கித்தான் சேமிக்கும், அதனால் மெல்லிய கோட்டின் நிறம் பக்கத்துக் கறையின் நிறத்தோடு கலந்துவிடும்.

ஸ்கேனர் மென்பொருளில் தானாகத் திருத்துவது, கூர்மையாக்குவது, ‘டெக்ஸ்ட்’ முறை என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அவை இருண்ட பகுதியை இன்னும் இருட்டாக்கும், கறைக்குள் இருக்கும் எழுத்து அங்கேயே காணாமல் போகும். தாளின் பின்பக்கத்திலும் எழுத்து இருந்தால், பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து எடுங்கள். பின்பக்க எழுத்தின் நிழலைக் கறை என்று நினைத்து வீணாக உழைக்க நேராது.

600 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 24 பிக்சல். அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு 12 பிக்சல் அகலம் வரும். கீழே நான் தரும் ஆரங்கள் இந்த அளவை வைத்துச் சொன்னவை. உங்கள் ஸ்கேன் 300 டிபிஐ என்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

நான்கு இடங்களில் அளந்து பாருங்கள்

கிம்ப்பில் `Color Picker` கருவியை எடுத்து, `Sample average` போட்டு ஆரத்தை 3 ஆக வையுங்கள். எண்கள் 0 முதல் 255 வரையிலான கணக்கில் தெரியட்டும். நான்கு இடங்களைத் தொட்டு, சிவப்பு, பச்சை, நீல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெறும் தாள், வெறும் தாள்மேல் உள்ள எழுத்து, எழுத்தில்லாத கறை, கறைக்குள் உள்ள எழுத்து. கண் இதில் ஏமாந்துவிடும், எண் ஏமாற்றாது. கறைக்குள் ஒன்றுமே இல்லை என்று தோன்றும் இடத்தில் எண்ணில் நாற்பது ஐம்பது வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

அறிகுறி: கறை ஒரு நிறம், எழுத்து வேறு நிறம்

இது அதிர்ஷ்டமான நிலைமை. சிவப்பு மை சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் சிவப்புச் சேனலை மட்டும் தனியாகப் பார்த்தால் சிவப்புக் கறை தாளைப் போலவே வெளுத்துத் தெரியும். நீல எழுத்து சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் அதே சேனலில் கறுப்பாக நிற்கும். கறுப்பு எழுத்தின்மேல் நீலக் கறை என்றால் நீலச் சேனலைப் பாருங்கள். கறையின் நிறம் எதுவோ அந்தச் சேனல் என்று நினைவில் வைத்தால் போதும்.

மூன்றையும் ஒரே நேரத்தில் பிரித்துப் பார்க்க:

```
magick kaditham.tif -separate kaditham_%d.png
```

0 என்று முடிவது சிவப்பு, 1 பச்சை, 2 நீலம். கிம்ப்பிலேயே செய்வதென்றால் `Colors > Components > Extract Component` போய் `RGB Red` அல்லது வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: சேனலைப் பிரித்தும் கறையின் நிழல் லேசாகத் தெரிகிறது

எந்த மையும் முழுச் சிவப்போ முழு நீலமோ இல்லை. அதனால் நிழல் மிஞ்சத்தான் செய்யும். இந்த இடத்தில் பலரும் `Levels` திறந்து வெள்ளை முனையை இழுத்து நிழலை வெளுக்க வைப்பார்கள். நிழல் போகும், கூடவே பேனா மெல்ல உரசிப்போன வால்களும் இணைப்புக் கோடுகளும் போகும்.

அதற்குப் பதில் இரண்டு சேனல்களைக் கலந்து நிழலை ஒன்றோடொன்று அடித்துவிடலாம். நீல எழுத்து, சிவப்புக் கறை கொண்ட ஒரு கடிதத்தில் அளந்த எண்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாள்: சிவப்பு 238, பச்சை 232. கறை: சிவப்பு 215, பச்சை 70. எழுத்து: சிவப்பு 50, பச்சை 68. சிவப்புச் சேனலில் தாளுக்கும் கறைக்கும் வித்தியாசம் 23. பச்சையில் 162. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.14. இப்போது சிவப்பிலிருந்து பச்சையில் 0.14 பங்கைக் கழித்தால் தாள் 205க்கு வருகிறது, கறையும் 205க்கு வருகிறது. எழுத்து 40 அளவில் நிற்கிறது. நிழல் போய்விட்டது, மெல்லிய கோடு எதையும் நாம் தொடவில்லை.

```
magick kaditham.tif -fx "r-0.14*g" -colorspace Gray kalavai.png
```

600 டிபிஐ பக்கத்துக்கு `-fx` கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கறையின் நடுவும் ஓரமும் ஒரே அடர்த்தியில் இருக்காது என்பதால் 0.14ஐ ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு 0.10, 0.18 இரண்டையும் போட்டுப் பாருங்கள். எண் அதிகமாகிவிட்டால் கறை இருந்த இடம் தாளைவிட வெளுத்துத் தெரியும். அதுவே அடையாளம்.

அறிகுறி: கறையும் எழுத்தும் ஒரே மை

எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனா கக்கிய கடிதம், மைப்புட்டி சாய்ந்த கடிதம் எல்லாம் இந்த வகை. சேனல் பிரிப்பது இங்கே கறையை நீக்காது. ஆனால் கறைக்கும் கறைக்குள் உள்ள எழுத்துக்கும் எந்தச் சேனலில் இடைவெளி அதிகம் என்று பார்க்க அது தேவை. நீல மை என்றால் பெரும்பாலும் சிவப்புச் சேனல்தான்.

அந்தச் சேனலில் தாள் 236, எழுத்து 52, கறை 96, கறைக்குள் எழுத்து 38 என்று வைத்துக்கொள்வோம். கறை ஒரு கண்ணாடித்தாள் மாதிரி எழுத்தின்மேல் படர்ந்து வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டிருக்கிறது. பங்காகத் தின்றதை வகுத்துத்தான் திருப்பி எடுக்க முடியும், கழித்து எடுக்க முடியாது. எழுத்தே இல்லாமல் வெறும் தாளும் கறையும் மட்டும் இருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒரு படத்தைச் செய்துகொண்டு, அசல் படத்தை அதனால் வகுத்தால் கறை தானாகத் தட்டையாகிவிடும்.

கிம்ப்பில் இப்படி:

1. `Image > Precision` போய் 16 பிட்டுக்கு மாற்றுங்கள். பிறகு அசல் லேயரை நகல் எடுத்து, நகலில் `Extract Component` வழியாகச் சிவப்பை எடுங்கள்.
2. அந்தச் சாம்பல் லேயரை இன்னொரு நகல் எடுங்கள். மேலே இருக்கும் நகலில் `Filters > Blur > Median Blur`. `Radius` 24, `Percentile` 60. `High precision` பெட்டியிலும் டிக் போட்டுவிடுங்கள்.
3. மங்கலான மேல் லேயரின் `Mode`ஐ `Divide` ஆக மாற்றுங்கள்.
4. `Layer > New from Visible` கொடுத்து, வந்த விடையைத் தனி லேயராக வைத்துக்கொள்ளுங்கள்.

`Gaussian Blur` வேண்டாமா என்று கேட்கலாம். அது எழுத்தையும் கறையையும் சேர்த்துக் கரைத்துவிடும். கறையின் விளிம்பைச் சுற்றி ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாகப் பட்டை விழும். மீடியன் அப்படியில்லை. ஒவ்வொரு பிக்சலைச் சுற்றிலும் உள்ளவற்றை இருட்டிலிருந்து வெளிச்சமாக வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பதை எடுக்கும். வட்டத்துக்குள் எழுத்து சிறுபான்மையாக இருக்கும்வரை அது கணக்கிலேயே வராது. `Percentile` என்பது வரிசையில் எத்தனையாவது ஆளை எடுப்பது என்பதுதான். 50 என்றால் சரியாக நடு, 60 என்றால் கொஞ்சம் வெளிச்சப் பக்கம்.

மேலே சொன்ன எண்களில் வெளியே உள்ள எழுத்து 52/236, அதாவது 255க்கு 56 என்று வரும். கறைக்குள் உள்ள எழுத்து 38/96, அதாவது 101. தாளும் கறையும் இரண்டுமே 255. படிக்கத் தாராளமாகப் போதும். ஆனால் இதோடு சில புதுத் தொல்லைகளும் வந்து சேரும்.

அறிகுறி: எழுத்து உள்ளே வெளுத்து, ஓரம் மட்டும் தெரிகிறது

ஞ, ண, ஐ போல ஒரே இடத்தில் சுழிகள் நெருங்கும் எழுத்துகளில் இதைப் பார்ப்பீர்கள். வட்டத்துக்குள் மை பெரும்பான்மையாகிவிட்டது. மீடியன் எழுத்தையே பின்னணி என்று எடுத்துக்கொண்டு, எழுத்தை எழுத்தாலேயே வகுத்துவிட்டது. `Percentile`ஐ 70 வரை ஏற்றுங்கள், அல்லது `Radius`ஐ 32 ஆக்குங்கள். மங்கல் லேயரைத் தனியாகத் திறந்து பார்ப்பதுதான் உடனடிச் சோதனை. அதில் எழுத்தின் சாயல் கொஞ்சமாவது தெரிந்தால் அமைப்பு இன்னும் போதவில்லை.

நீர் பட்டு எழுத்தே கரைந்து அகன்றுபோன இடத்தில் இந்த முறை எடுபடாது. அங்கே கோடும் கறை மாதிரியே மெல்லப் படர்ந்திருக்கிறது.

அறிகுறி: கறை போய்விட்டது, அதன் விளிம்பு ஒரு வளையமாக நிற்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, வைத்தியமும் இரண்டு.

ஒன்று, நாம் வைத்த அமைப்பு. `Percentile`ஐ 50க்கு மேல் ஏற்றினால் கறையின் உள்விளிம்பில் நிற்கும் பிக்சல்கூட வெளியே இருக்கும் வெள்ளைத் தாளைப் பின்னணியாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டை வகுபடாமல் இருட்டாக நின்றுவிடும். ஆரம் 24, `Percentile` 75 என்று வைத்தால் நேரான விளிம்பில் சுமார் 10 பிக்சல் அகலத்துக்குப் பட்டை வரும். அதாவது கிட்டத்தட்ட ஒரு பேனாக் கோட்டின் அகலம். எழுத்தோடு குழம்பிப்போக இதைவிட மோசமான அளவு இல்லை.

இன்னொன்று, தாளிலேயே இருக்கும் வளையம். மைத்துளி காயும்போது நிறம் ஓரத்துக்கு ஒதுங்கிக் கெட்டியாகப் படிந்துவிடும்.

எது என்று அறிய, `Percentile` 50 வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வளையம் மெலிந்தால் அமைப்பின் குற்றம். அப்படியே நின்றால் அது மை. முதல் வகைக்கு இரண்டு விடைகளைத் தயாரியுங்கள், 50இல் ஒன்று, 70இல் ஒன்று. 50இன் விடையை மேலே வைத்து, கறுப்பு லேயர் மாஸ்க் போட்டு, விளிம்பை ஒட்டி மட்டும் மென்மையான வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுங்கள்.

இரண்டாம் வகைக்கு `Dodge / Burn` கருவி. `Type` `Dodge`, `Range` `Highlights`, `Exposure` 15. வகுத்த பிறகு வளையம் 150 அளவிலும் எழுத்து அதைவிட நன்றாக இருண்டும் இருக்கும். `Highlights` என்றால் கருவி வெளிச்சமான பகுதியைத்தான் அதிகம் தொடும். வளையத்தின்மேல் மெல்ல மெல்லத் தடவினால் வளையம் வெளுக்கும், அதைக் குறுக்காக வெட்டிப் போகும் கோடு நிற்கும். ஒரே தடவலில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

அறிகுறி: கறைக்குள் எழுத்து சாம்பலாக, மணல் தூவியதுபோல இருக்கிறது

சாம்பலாக இருப்பதற்குக் காரணம் மேலே பார்த்த 56, 101 வித்தியாசம். மையின் மேற்பரப்பே கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் கறைக்குள் எழுத்து ஓரளவுக்குமேல் கறுப்பதில்லை. விடை லேயரை நகல் எடுத்து, `Curves`இல் 101ஐ 56க்கு இறக்கி, மாஸ்க் வழியாகக் கறை இருந்த இடத்தில் மட்டும் தெரிய விடுங்கள்.

மணலுக்குக் காரணம் வேறு. கறை மிகவும் இருண்டு 30, அதற்குள் எழுத்து 24 என்றால் இடையில் இருப்பது வெறும் ஆறு படிகள். வகுத்தால் அந்த ஆறும் ஐம்பதாகப் பெரிதாகும், ஸ்கேனரின் இரைச்சலும் அதே அளவுக்குப் பெரிதாகும். 48 பிட் கலரில் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அதில் இதே இடைவெளிக்குள் இன்னும் நிறையப் படிகள் கிடைக்கும். அதற்கும் மேலே ஒன்று செய்யலாம்: கடிதத்தை அசைக்காமல் நான்கு முறை ஸ்கேன் செய்து சராசரி எடுங்கள்.

```
magick s1.tif s2.tif s3.tif s4.tif -evaluate-sequence mean sarasari.tif
```

நான்கின் சராசரியில் இரைச்சல் பாதியாகும். மூடியைத் திறந்து மூடினால்கூடத் தாள் நகரும், கவனம். தாளின் நார் அமைப்பு இதனால் போகாது. அது ஒவ்வொரு ஸ்கேனிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அறிகுறி: சுத்தம் செய்த பிறகு மெய்யெழுத்துகள் உயிர்மெய்யாகிவிட்டன

தமிழ்க் கடிதத்துக்கே உரிய ஆபத்து இது. பெரிய கறையோடு சிறு சிதறல்களும் இருக்குமல்லவா, அவற்றை மொத்தமாக நீக்க `Despeckle` ஓட்டுகிறோம். அரை மில்லிமீட்டர் சிதறலும் அரை மில்லிமீட்டர் புள்ளியும் மென்பொருளுக்கு ஒன்றுதான். ‘கண்’ ‘கண’ ஆகிவிடும். வாக்கியத்தில் ஊகித்துவிடலாம், பெயர்களிலும் ஊர்களிலும் ஊகிக்க முடியாது.

எனவே தானியங்கிச் சுத்தம் வேண்டவே வேண்டாம். சிதறல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அசல் ஸ்கேனைப் பக்கத்துச் சாளரத்தில் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். தெறித்த துளி பெரும்பாலும் வட்டமாக, ஓரம் ஒரே சீராக இருக்கும். பேனா வைத்த புள்ளிக்கு ஒரு பக்கம் குட்டி வால் இருக்கும், அல்லது சற்றே நீண்டிருக்கும். அதே கையெழுத்தில் கறை படாத வரிகளில் இவர் புள்ளியை எழுத்தின் நேர் மேலே வைக்கிறாரா, வலப்பக்கம் தள்ளி வைக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள். வைக்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளிடம் அவ்வளவாக மாறாது. சந்தேகமாக இருந்தால் புள்ளி இருக்கட்டும். எழுதியவரே புள்ளி வைக்காமல் விட்ட இடத்தில் நீங்கள் வைத்துவிடவும் கூடாது.

சிதறலை நீக்க `Clone` கருவி போதும். `Heal` எழுத்துக்கு ஒட்டி வேலை செய்யும்போது பக்கத்து மையையும் இழுத்துக் கலக்கிவிடும். அதை வெறும் தாளில் மட்டும் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: எழுத்து படிக்க முடிகிறது, ஆனால் கடிதம் மாதிரி இல்லை

வகுத்து வந்த விடை சாம்பல் நிறம். அசல் நிறத்துக்குத் திருப்ப, முன்நிறமாக மையின் நிறத்தையும் பின்நிறமாகத் தாளின் நிறத்தையும் `Color Picker`ஆல் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தை `Image > Mode > RGB` ஆக்கி, `FG to BG (RGB)` கிரேடியன்ட்டைத் தேர்ந்து, `Colors > Map > Gradient Map` கொடுங்கள். பிறகு அந்த லேயரை அசல் ஸ்கேனின்மேல் வைத்து, கறை இருந்த பகுதி மட்டும் மாஸ்க் வழியாகத் தெரியும்படி செய்யுங்கள். பக்கத்தின் மற்ற இடமெல்லாம் கைபடாத அசலாகவே இருக்கும், தாளின் மடிப்பும் பழுப்பும் உட்பட.

அறிகுறி: கறைக்குள் ஒன்றுமே இல்லை

கறைக்குள் எழுத்து, எழுத்தில்லாத இடம் இரண்டுக்கும் மூன்று சேனலிலும் ஒரே எண் வந்தால், அல்லது எல்லாம் 5, 6 என்று அடிமட்டத்தில் கிடந்தால், அந்த ஸ்கேனில் தகவலே இல்லை. என்ன வடிகட்டி ஓட்டினாலும் வராது. வருவதாகத் தோன்றினால் அது இரைச்சலில் நம் கண் வரைந்த எழுத்து.

கடிதம் கையில் இருந்தால் இன்னும் மூன்று வழிகள் உண்டு. பால்பாயின்ட் பேனாவால் எழுதியது என்றால் தாளில் பள்ளம் விழுந்திருக்கும். அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சைத் தாளோடு தாளாகக் கிடைமட்டமாகப் பிடித்து, மேலிருந்து படம் எடுங்கள். வெளிச்சத்தைத் தாளின் இடது விளிம்பிலிருந்து ஒருமுறை, மேல் விளிம்பிலிருந்து ஒருமுறை அடியுங்கள். கிடைக்கோடுகளும் செங்குத்துக் கோடுகளும் வெவ்வேறு படத்தில் தெரியும். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அங்கே புடைப்பு இன்னும் தெளிவாக இருக்கும், அதைப் படமெடுத்து இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம். மை ஊற்றி எழுதும் பேனா பெரும்பாலும் பள்ளம் விடுவதில்லை. அதற்குப் பின்பக்கத்தை ஸ்கேன் செய்து பாருங்கள். கறை ஊறாமல் எழுத்து மட்டும் ஊறியிருக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது அகச்சிவப்புப் படம். பென்சிலும் கரி கலந்த மையும் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிக் கறுப்பாகவே இருக்கும். சாயம் கரைத்துச் செய்த மைகள் பலவும் அதில் கண்ணாடி மாதிரி மறைந்துவிடும். பென்சிலில் எழுதிய கடிதத்தின்மேல் பேனா மை கொட்டியிருந்தால் 850 நானோமீட்டர் அளவில் எடுத்த படத்தில் கறையே இல்லாமல் எழுத்து நிற்கும். எழுத்தும் கறையும் ஒரே சாய மையென்றால் இரண்டும் சேர்ந்து மறையும், அங்கே பயனில்லை. அகச்சிவப்புத் தடுப்பை எடுத்த கேமரா இதற்கு வேண்டும். சாதாரண ஸ்கேனரால் முடியாது.

இவற்றிலும் வராத சொல்லைத் தூரிகையால் எழுதிச் சேர்க்காதீர்கள். படத்தில் அந்த இடம் கறையாகவே இருக்கட்டும். கடிதத்தைத் தட்டச்சு செய்து வைக்கும்போது அங்கே [கறை, சுமார் இரண்டு சொல்] என்று குறித்து, ஊகம் இருந்தால் பக்கத்தில் கேள்விக்குறியோடு எழுதுங்கள். அசல் டிஃப் கோப்பைத் திருத்த முடியாதபடி பூட்டி வைத்துவிட்டு, லேயர்களோடு கூடிய `XCF` கோப்பைத் தனியாகச் சேமியுங்கள்.